விற்கலாமா என்று யோசிக்கும் வீட்டுக்காரருக்கு முதல் அழைப்பு: விலையைச் சொல்லலாமா?

புதுமுகம் (டர்பன்):
மூன்று மாதங்களாகப் பயிற்சி முகவராக இருக்கிறேன். விற்பனைக்கு வந்த ஒரு வீட்டை எல்லோரும் வந்து பார்க்கட்டும் என்று சாட்ஸ்வர்த்தில் நாங்கள் வைத்த ஷோ டேயில் ஓர் அம்மா, "எங்கள் வீட்டையும் ஒருவேளை விற்போம்" என்று சொல்லித் தம் எண்ணை எழுதிக் கொடுத்தார். முதல் அழைப்பில் என்ன பேசுவது, எந்த வரிசையில் பேசுவது? அவர் விலை கேட்டால் சொல்லலாமா?

பழையசாவி:
அந்த அழைப்புக்கு ஒரே நோக்கம்தான் உண்டு: அவர் வீட்டுக்கு நீங்கள் போய் உட்கார ஒரு நாளும் நேரமும் பெறுவது. பேச்சு எப்படியும் பாதி ஆங்கிலத்தில்தான் நடக்கும். இருந்தாலும் நான் பேசும் வரிசையைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"வணக்கம் ஆன்ட்டி, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காட்டிய வீட்டில் நீங்கள் எண்ணை எழுதிக் கொடுத்தீர்களே, அங்கே வாசலில் நின்ற பெண்தான் பேசுகிறேன். இப்போது ஐந்து நிமிடம் பேசலாமா, அல்லது சாயங்காலம் கூப்பிடட்டுமா?" எண் எங்கே கிடைத்தது என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் இருப்பதையும், மூத்தவர் ஒருவர் உங்களுடன் வருவார் என்பதையும் மறைக்காதீர்கள்.

அடுத்தது, "விற்கலாம் என்று எதனால் தோன்றியது?" இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மகள் கேப் டவுனில் இருக்கிறாள், மாடிப்படி ஏற முடியவில்லை, வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்று பதில் எதுவாக இருந்தாலும் எப்போது விற்க நினைக்கிறார் என்பது அதிலேயே வந்துவிடும்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: "வீடு யார் பெயரில் இருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார் யார்?" பல வருடங்களுக்கு முன் பீனிக்ஸில் ஓர் அம்மாவின் வீட்டுக்கு நான் இதைக் கேட்காமல் போனேன். வீட்டைப் பார்த்து, மதிப்பிட்டு, வாங்க ஓர் ஆளையும் கூட்டிவந்த பிறகுதான், பத்திரம் இறந்துபோன கணவர் பெயரிலேயே இருப்பதும், அவருடைய சொத்து விவகாரம், இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் பதிவே செய்யப்படவில்லை என்பதும் தெரிந்தது. நிறைவேற்றாளர் என்று மாஸ்டர் அலுவலகம் கடிதம் தராத வரையில், அந்த அம்மா அங்கே முப்பது வருடம் வாழ்ந்திருந்தாலும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. வாங்க வந்தவர் ஆறு வாரம் காத்திருந்துவிட்டு வேறு வீட்டை வாங்கிக்கொண்டார். தொலைபேசியில் அரை நிமிடத்தில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

விலையைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள்.

கரும்புக்காடு:
இதை நான் ஏற்கவில்லை. விலை கேட்பவரிடம் மழுப்பினால், அவர் அடுத்த முகவரைக் கூப்பிட்டுவிடுவார். அதே தெருவில் அண்மையில் கைமாறிய வீடுகள் என்ன விலைக்குப் பதிவாயின என்பதைப் பத்திரப்பதிவு விவரங்களில் பார்த்துக்கொண்டு, நேராக ஒரு தொகையைச் சொல்வதுதான் நேர்மை. அதோடு, சூடு ஆறுவதற்குள், வீட்டை நாம் மட்டுமே விற்கலாம் என்ற தனி மாண்டேட்டுக்கும் தொலைபேசியிலேயே சம்மதம் வாங்கிவிட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது கையெழுத்து மட்டும் மிஞ்சும்.

மேட்டுத்தெரு:
புதுமுகம் அம்மா, நீங்கள் வீட்டை விற்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் குளியலறையும் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு முகவர் தொலைபேசியிலேயே 16 லட்சம் ராண்ட் போகும் என்றார். பிறகு நேரில் வந்து, பின்கட்டுக்கு நகராட்சி அனுமதித்த வரைபடம் இல்லை என்று தெரிந்ததும் 13 லட்சம் என்றார். என் வீட்டுக்காரர் இன்றுவரை 16-ஐ விட்டு இறங்கவில்லை. உங்களுக்கு எவ்வளவு சொன்னார்கள்?

புதுமுகம்:
அக்கா, விற்பது நான் அல்ல. கூப்பிடப்போகும் முகவர் நான். ஆனால் நீங்கள் சொன்னது எனக்கு மிகவும் பயன்படும்.

பழையசாவி:
கரும்புக்காடு அண்ணா, மேட்டுத்தெரு அக்கா எழுதியதைப் பாருங்கள். பதிவான விலைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் பின்கட்டுக்கு வரைபடம் இருக்கிறதா, கூரையில் கசிவு உண்டா என்பதைப் பதிவேடு சொல்லாது. முதலில் காதில் விழுந்த தொகை வீட்டுக்காரர் மனத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும். அதன்பின் சரியான விலையைச் சொல்பவர்தான் குறைத்துக் கேட்பவராகத் தெரிவார். விலை கேட்டால் நான் சொல்வது இதுதான்: "உங்கள் தெருவில் அண்மையில் விற்ற மூன்று வீடுகளின் விலையைத் தாளில் கொண்டுவருகிறேன், ஆன்ட்டி. உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்த பிறகு, அதே மேசையில் உட்கார்ந்து என் தொகையையும் காரணத்தையும் சொல்கிறேன்." இது மழுப்பல் ஆகாது, எப்போது, எதை வைத்துப் பதில் வரும் என்பது அதில் இருக்கிறது.

தொலைபேசியில் மாண்டேட் வாங்குவது நடக்காத காரியம். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சொத்து முகவர் சட்டத்தின்படி, வீட்டின் குறைகளை விற்பவர் எழுதிக் கையெழுத்திட்ட வெளிப்படுத்தல் படிவம் கைக்கு வராமல் முகவர் மாண்டேட்டை ஏற்கவே கூடாது. வரைபடம் இல்லாத பின்கட்டைப் பற்றி எழுத வேண்டிய இடமும் அந்தப் படிவம்தான். அதை நீங்கள் வரும்போது கொண்டுவருவதாக அழைப்பில் ஒரு வரி சொல்லுங்கள்; பழைய வரைபடங்களைத் தேடி எடுத்துவைக்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

கரும்புக்காடு:
படிவம் பற்றி நீங்கள் சொல்வது சரி. சம்மதம் என்று நான் சொன்னது வாய்ச்சொல்லைத்தான். ஆனால் விலையில் நான் மாறவில்லை. "13-க்கும் 15-க்கும் நடுவில், பார்த்த பிறகு சொல்கிறேன்" என்று ஓர் எல்லையைச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?

பழையசாவி:
அவர் காதில் 15 மட்டும்தான் விழும்.

வெர்லம்வாசி:
நான் முகவர் அல்லன், வீட்டுக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடித்துச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், பெயர்கூடத் தெரியாத ஒருவர் கூப்பிட்டு, "உங்கள் பகுதியில் வீடு தேடும் ஆள் என்னிடம் இருக்கிறார்" என்றார். என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன், தொடர்பைத் துண்டித்துவிட்டார். இதெல்லாம் சட்டவிரோதம்தானே? பிறகு எதற்கு இந்த வசனப் பயிற்சி?

பழையசாவி:
உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. நுகர்வோர் சட்ட விதிகளின்படி ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறை நாள்களிலும் விற்பனை அழைப்பே கூடாது. சனிக்கிழமை காலை 9 முதல் பிற்பகல் 1 வரைதான். மற்ற நாள்களில் காலை 8 முதல் இரவு 8 வரை. எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துக் கூப்பிடுவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் இடம். அந்தச் சட்டம் சொல்லும் மின்னணுத் தொடர்பில் தொலைபேசி அழைப்பு அடங்குமா என்று எங்கள் தொழிலில் வெகுகாலம் வாதாடினார்கள். அடங்கும் என்பதுதான் 2024 டிசம்பரில் தகவல் ஒழுங்குமுறை அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பின் நிலை. தொழில்துறையில் எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இந்தப் பெண்ணின் நிலை வேறு. அந்த அம்மா தாமே விற்பனையைப் பற்றிப் பேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதிய அந்த ஷோ டே தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், புதுமுகம்.

வெர்லம்வாசி:
வீட்டைப் பார்க்க வந்த இடத்தில் வருகைப் பதிவுக்காக எண்ணை எழுதுவதும், என்னைக் கூப்பிடு என்று சொல்வதும் ஒன்றா?

பழையசாவி:
வருகைப் பதிவு மட்டும் என்றால் ஒன்றல்ல. அதனால்தான் அழைப்பின் தொடக்கத்தில் பேசலாமா என்று கேட்கச் சொன்னேன். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி, எண்ணின்மேல் கோடு போட்டுவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறொரு சாக்கில் கூப்பிடக் கூடாது.

புதுமுகம்:
இன்று காலை பத்தரைக்குக் கூப்பிட்டேன். மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிட்டது. வீடு அவருக்கும் அவருடைய தம்பிக்கும் கூட்டாக இருக்கிறதாம். தம்பி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறார், விற்பதைப் பற்றி அவரிடம் இன்னும் பேசவே இல்லை. விலையை இரண்டு முறை கேட்டார். தாளில் கொண்டுவருகிறேன் என்றதும் கொஞ்சம் சலித்துக்கொண்டார், ஆனால் தம்பி ஊரிலிருந்து வரும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

கரும்புக்காடு:
அதற்குள் வேறு எவனாவது ஒரு விலையைச் சொல்லிவிடுவான், பாருங்கள்.

பழையசாவி:
சொல்லட்டும். தம்பியும் கையெழுத்திடாமல் வீட்டை விற்க முடியாது. அவருடைய எண்ணை அக்காவிடம் கேட்டு வாங்காதீர்கள், அக்காவே அவரிடம் முதலில் பேசட்டும்.