புதுப்பிப்பு: அம்மாவின் பிரஷர் ஏன் இறங்கியது

நான் இங்கே கேட்டிருந்தது: "அம்மாவுக்கு மூச்சுத்திணறல், பிரஷர் 80/60. ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. நீர்ச்சத்துக் குறைவா?"

இல்லை. இதய உறைக்குள் நீர் கோத்து, இதயத்தை விரியவிடாமல் அழுத்தியிருக்கிறது. நீர்ச்சத்து குறைந்தால் கழுத்து நரம்பு ஒட்டிப்போகும் என்று இங்கே ஒரு செவிலியர் அக்கா எழுதியதும்தான் ஓடினோம். சலைன் ஏற்றச் சொன்ன தம்பியும் பாதி சரி, அதில் பிரஷர் கொஞ்ச நேரம் தாங்கியது. ஸ்டெத்தில் துடிப்பு எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் மங்கலாக இருந்ததாம். எக்கோ ஸ்கேனில் பார்த்தபடியே மார்பெலும்பின் நுனிக்குக் கீழே ஊசி செலுத்தினார்கள். முதல் 50 மில்லி வந்ததுமே பிரஷர் ஏறத் தொடங்கியது. மொத்தம் 600 மில்லி, வைக்கோல் நிறத்தில். மறுபடி தேங்காமலிருக்க மெல்லிய குழாய் ஒன்று உள்ளேயே இருக்கிறது.

வாயுப்பிடிப்புக்குக் கஷாயம் சொன்ன அண்ணா, உங்கள் அப்பாவுக்கு வந்தது வேறு, இது வேறு. நீர் கோத்ததற்குக் காரணம் காசநோயா என்ற பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.