சம்பளமில்லாத ட்ரயல் நாள்: எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

ஈலிங் புதியவன்:
லண்டனில் முதுநிலை படிக்கிறேன், வயது 23. ஒரு தென்னிந்திய உணவகத்தில் கிச்சன் ஹெல்பர் வேலைக்குப் போனில் பேசினேன். வரும் சனிக்கிழமை காலை 11 மணியிலிருந்து இரவு 7 மணி வரை ட்ரயல், சம்பளம் கிடையாது, பிடித்திருந்தால் அடுத்த வாரத்திலிருந்து வேலை என்றார்கள். இது முறைதானா? விவரத்தை எழுத்தில் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

ஹாரோ கடைக்காரர்:
தம்பி, நான் இருபது வருஷமாகக் கடை நடத்துகிறேன். ட்ரயல் பார்க்காமல் யாரையும் எடுக்க முடியாது. எல்லா வேலையும் தெரியும் என்று போனில் சொல்லுவார்கள். வந்து நின்றால் வெங்காயம் வெட்டத் தெரியாது, கல்லில் மாவை ஊற்றினால் ஓட்டை விழும். எழுதித் தா என்று நீங்கள் கேட்டால், வேலைக்கு முன்னமே வழக்குப் போடுகிற ஆள் என்றுதான் முதலாளி நினைப்பார். பேசாமல் ஒரு நாள் போய்ச் செய்யுங்கள்.

பழைய மாணவன்:
கடைக்காரர் அண்ணன் சொல்வது சரி. இங்கே ஒரு நாள் வரை சம்பளம் இல்லாமல் ட்ரயல் வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டாவது நாளும் கூப்பிட்டால்தான் சண்டை போடணும். அரசின் வழிகாட்டுதலிலேயே "ஒரு நாள்" என்று இருக்கிறது, நானே படித்தேன்.

தராசு:
அந்த வழிகாட்டுதலை இன்னொரு முறை படியுங்கள். ஒரு நாளைத் தாண்டிய ட்ரயலுக்கு, மிக அபூர்வமான சூழ்நிலை தவிர, குறைந்தபட்ச ஊதியம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் அதில் உள்ளது. ஒரு நாள் வரை இலவசமாக வேலை வாங்கலாம் என்று எங்கேயும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் சனிக்கிழமை முழுக்கப் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறார்கள். வாரம் ஒரு நாள் ஆலோசனை மையத்தில் உட்காருகிறேன், கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது.

ஒரு நாளுக்குள் என்றாலும் சில விஷயங்களைப் பார்ப்பார்கள். உங்கள் திறமையை அளக்க நியாயமாக எவ்வளவு நேரம் போதும்? அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் நின்று கவனிக்கிறார்களா? நீங்கள் செய்ததால் கடைக்குச் சோதனையைத் தாண்டி லாபம் உண்டா? கிச்சன் ஹெல்பர் வெங்காயம் வெட்டுவதையும், பாத்திரம் கழுவுவதையும், கையுறை மாற்றுவதையும் பார்க்க ஒரு மணி நேரம் தாராளம். மதியக் கூட்டமும் மாலைக் கூட்டமும் சேர்ந்த 8 மணி நேரம் என்றால் அதற்குப் பெயர் ஷிஃப்ட். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்ட் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் 8 மணி நேரத்துக்கு 97.68 பவுண்ட் ஆகிறது.

ஹாரோ கடைக்காரர்:
நாங்கள் இரண்டு நேரச் சாப்பாடும் கொடுக்கிறோமே, அதைக் கணக்கில் எடுக்க மாட்டீர்களா?

தராசு:
சாப்பாட்டைக் குறைந்தபட்ச ஊதியத்தில் கழிக்க முடியாது அண்ணா. கொடுப்பது நல்ல மனசு, ஆனால் கூலியாகாது.

நூல்காரி:
என் கதையைச் சொல்கிறேன். வெம்பிளிப் பக்கம் ஒரு பியூட்டி பார்லரில் புருவத்துக்கு நூல் போடும் வேலை. ட்ரயல் என்று ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். முதல் ஆளுக்குச் செய்யும்போது மட்டும் அந்த அக்கா பக்கத்தில் நின்றார். அப்புறம் அவர் கல்லாவுக்குப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் பதினோரு பேருக்குப் போட்டேன், பதினோரு பேரிடமும் காசு வாங்கினார்கள். கழுத்து நிமிராமல் வீட்டுக்கு வந்தேன். "இன்னும் கை வேகம் போதாது" என்று மறுநாள் மெசேஜ். அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு பெண் ட்ரயலில் நின்றாள். என்னிடம் எழுத்தில் ஒரு வரிகூட இல்லாததால் நான் அங்கே வேலை செய்தேன் என்று காட்டவே முடியவில்லை. தம்பி, கண்டிப்பாகக் கேளுங்கள்.

கோவைக்காரன்:
இங்கே ஐடி கம்பெனிகளிலும் புரொபேஷன் ஆறு மாதம் வைக்கிறார்கள். அதை எதிர்த்து யாரும் பேசுவதில்லை.

தராசு:
புரொபேஷன் வேறு, அதில் சம்பளம் உண்டு. இங்கே கேள்வி வேலையில் சேரும் முன் ஒரு நாள் பற்றியது.

பழைய மாணவன்:
சரி, எழுதி வாங்கினால் என்ன ஆகும்? "ட்ரயலுக்குச் சம்பளம் இல்லை, சம்மதம்" என்று அவர்களே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அப்புறம் நமக்கு வாயே இருக்காதே. கேட்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

தராசு:
இது நல்ல கேள்வி. குறைந்தபட்ச ஊதியம் வேண்டாம் என்று யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. 1998ஆம் ஆண்டுச் சட்டமே அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆகவே சம்மதக் கடிதம் உங்களைக் கட்டாது. ஆனால் தேதி, நேரம், என்ன வேலை, யார் மேற்பார்வை என்பவை எழுத்தில் இருந்தால் பின்னால் யாரும் மறுக்க முடியாது. வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுத வேண்டாம். இந்த அளவு போதும்:

"சனிக்கிழமை ட்ரயலுக்குக் கூப்பிட்டதற்கு நன்றி. வரும் முன் சிலவற்றை உறுதிசெய்துகொள்ளலாமா? எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்? என்னென்ன வேலை, யார் பார்த்துச் சொல்வார்கள்? அந்த நேரத்துக்கு ஊதியம் உண்டா, இல்லையென்றால் ஒரு மணி நேரமாகச் சுருக்க முடியுமா? முடிவை எப்போது சொல்வீர்கள்?"

இதையே ஆங்கிலத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் எழுத்துதான்.

அப்புறம் உங்களுக்கென்றே ஒன்று. மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். சம்பளம் இல்லாத வேலையும் அந்த 20இல் சேரும். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. வேறெங்காவது ஏற்கெனவே 15 மணி நேரம் செய்திருந்தால், இந்த இலவச 8 மணி நேரம் உங்கள் விசாவைத்தான் கடிக்கும். வேலை செய்ய உரிமை உண்டு என்று காட்டும் ஷேர் கோடு வாங்கிச் சரிபார்க்காமல் வேலையில் நிறுத்துகிற கடை என்றால் அதுவும் ஒரு அடையாளம்.

ஈலிங் புதியவன்:
ஐயோ, இந்த வாரம் ஒரு கிடங்கில் 14 மணி நேரம் ஆகிவிட்டது. 20ஐத் தாண்டும் என்று யோசிக்கவே இல்லை. மெசேஜ் அனுப்பிவிட்டேன். பதில் வந்தது: "11 முதல் 7. காய் வெட்டுதல், பாத்திரம், பார்சல் கட்டுதல். அன்று ஒரு பையன் லீவு, அதனால் கட்டாயம் நேரத்துக்கு வரவும். ட்ரயலுக்குச் சம்பளம் இல்லை."

நூல்காரி:
லீவு போட்ட பையனுக்குப் பதிலாகத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்!

தராசு:
அந்த ஒரு வரியைப் பத்திரமாக வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சோதனை என்றால் ஆள் லீவா இல்லையா என்பதற்கு அங்கே வேலையே இல்லை.

ஹாரோ கடைக்காரர்:
லீவு ஆளுக்குப் பதிலாக என்றால் நானும் காசு கொடுத்துத்தான் இருப்பேன், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஆளை அளக்கலாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட்டம் ஏறும்போது கை நடுங்குகிறதா என்று ஒரு மணி நேரத்தில் தெரியாது. மூன்று மணி நேரமாவது வேணும்.

தராசு:
அந்த மூன்று மணி நேரமும் பக்கத்தில் நின்று பார்ப்பீர்களா அண்ணா? பார்த்தால் உங்கள் பக்கம் வாதாட இடம் உண்டு. இல்லையென்றால் கூலியைக் கொடுத்துவிட்டு அளந்து பாருங்கள், அந்த 2025 கணக்கில் மூன்று மணி நேரத்துக்கு 36.63 பவுண்ட்தான்.

ஹாரோ கடைக்காரர்:
சனிக்கிழமை கூட்டத்தில் யாருக்குப் பக்கத்தில் நிற்க நேரம்?

பழைய மாணவன்:
தம்பி, வாடகை தேதி நெருங்கினால் இந்தப் பேச்செல்லாம் உதவாது. போய்விட்டு வா, அப்புறம் புகார் கொடு.

தராசு:
20 மணி நேரத்தைத் தாண்டிவிட்டு யாரிடம் எப்படிப் புகார் கொடுப்பார்? இந்த வாரம் போகவே கூடாது. கூலி விஷயத்துக்கு, வேலைத் தகராறுகளில் உதவும் ஏகாஸ் என்ற பொது அமைப்பின் உதவி எண் 0300 123 1100 இலவச ஆலோசனை தருகிறது, முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

ஈலிங் புதியவன்:
"இந்த வாரம் மணி நேரம் முடிந்துவிட்டது. அடுத்த செவ்வாய் ஒரு மணி நேரம் செய்து காட்டுகிறேன், முழு நாள் வேண்டுமென்றால் கூலியோடு வருகிறேன்" என்று எழுதியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. இன்னும் பதில் இல்லை.