மேக்செக்குக்குத் தமிழ்ச்சொல்: 'முனைக்கு முனை' பொருந்துமா?

குன்னூரிலிருந்து:
வணக்கம். எங்கள் மருத்துவமனையின் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே தேயிலைத் தோட்டம். ஃபைபர் அதன் வழியே கம்பங்களில் தொங்கிப் போகிறது, யாரும் கைவைக்கலாம். கம்பியில் போகும் தரவை ஸ்விட்சுகளே மறைத்து அனுப்பும் மேக்செக் முறையை இரு பக்க ஸ்விட்சிலும் போடப்போகிறோம். ஊழியர் கையேட்டில் 'முனைக்கு முனை மறையாக்கம்' என்று எழுதலாமா?

கோத்தகிரியிலிருந்து:
எழுதலாம். முழு வழியும் மறைந்துதானே போகிறது? எல்லா ஸ்விட்சிலும் போட்டுவிட்டால் உள்ளே ஹெச்டிடிபிஎஸ்கூட வேண்டியதில்லை.

உதகையிலிருந்து:
கம்பியில் மறைந்து போவது உண்மைதான் ஐயா. ஆனால் ஒவ்வொரு ஸ்விட்சும் வந்ததைப் பிரித்துவிட்டு, அடுத்த கம்பிக்கு வேறு சாவியால் மறைக்கிறது. நடுவில் ஒரு ஸ்விட்ச் பிறர் கைக்குப் போனால் அதில் எல்லாம் திறந்தே கிடக்கும். ஹெச்டிடிபிஎஸ்ஸை எடுக்கவே கூடாது. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் தனிக் காப்பு என்பதால் 'கண்ணிவாரி மறையாக்கம்' என்பேன்.

உங்கள் தோட்டத்து ஃபைபருக்கு இது கட்டாயம் வேண்டும். பூட்டிய அறைக்குள் ரேக்குக்கு ரேக் போகும் கம்பிக்கு வேண்டாம். அங்கே சாவிகளைப் பராமரிக்கும் வேலைதான் மிஞ்சும். இன்னொன்று: சாவி ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு நின்றுபோகும்படி must-secure வையுங்கள். should-secure என்றால் ஒப்பந்தம் கூடாதபோது மறைக்காமலே அனுப்பிவிடும், யாருக்கும் தெரியாது.

கூடலூரிலிருந்து:
எங்கள் பள்ளத்தாக்கு ரேடியோ இணைப்பில் போட்டதும் பில் திரை திறந்தது, எக்ஸ்ரே படம் மட்டும் வரவில்லை. மறையாக்கம் வேகத்தைக் குடித்துவிடுகிறது போல.

உதகையிலிருந்து:
வேகம் இல்லை அண்ணா, அளவு. ஸ்விட்சுகளில் இந்த வேலையை வன்பொருளே செய்கிறது. ஆனால் மேக்செக் ஒவ்வொரு சட்டகத்திலும் 32 பைட் வரை கூட்டும். முழுச் சட்டகம் 1518, விலான் குறி 4, இதுவும் சேர்ந்தால் 1554. நடுவிலிருக்கும் ரேடியோ 1522 வரைதான் விடும் என்றால் பெரியவை சத்தமில்லாமல் விழும், சிறியவை போகும். ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து மறுபக்கக் கணினிக்கு அடித்துப் பாருங்கள்:

```
ping -M do -s 1440 <மறுமுனை>
ping -M do -s 1472 <மறுமுனை>
```

முதலாவது போய் இரண்டாவது நின்றால் காரணம் இதுதான். ரேடியோவின் சட்டக வரம்பை 1600 ஆக்கினால் சரியாகும்.

கோத்தகிரியிலிருந்து:
ஹெச்டிடிபிஎஸ் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் 'கண்ணி' என்றால் எனக்குப் பொறிதான் நினைவுக்கு வருகிறது. 'தொடுப்பு மறையாக்கம்' ஆகாதா?

உதகையிலிருந்து:
தொடுப்பு இணையப் பக்க இணைப்புக்கு வழங்கிவிட்டதே. அதைவிட எனக்கு 'மறையாக்கம்' பகுதியில்தான் சந்தேகம். மேக்செக்கை மறைக்காமல், இடையில் திருத்தப்படவில்லை என்று சரிபார்க்க மட்டும்கூட இயக்கலாம். அப்போது 'கண்ணிவாரிக் காப்பு' என்பதே பொருந்தும்.

குன்னூரிலிருந்து:
நாங்கள் மறைத்தே அனுப்புவதால் கையேட்டில் இப்போதைக்குக் 'கண்ணிவாரி மறையாக்கம்' என்று போடுகிறேன். பொதுப்பெயராகக் 'காப்பு' வருவதில் யாருக்கேனும் மறுப்பு உண்டா?