மிஷின் யாருடையது? தையல் கடைக் கூட்டைப் பிரித்த அனுபவம்

ஊசிமுனை:
தோழியோடு சேர்ந்து தொடங்கிய தையல் கடையை மூன்று ஆண்டு கழித்துப் பிரித்தோம். கூட்டு ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. அதில் இருந்த ஒரு வரியால்தான் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் ரொக்கம் போட்டேன். அவள் இரண்டு தையல் மிஷினும் ஓர் ஓவர்லாக்கும் கொண்டுவந்தாள். மொத்த முதல் 100 என்றால் என்னுடையது 60, மிஷின்களுக்கு விலை வைத்து அவளுடையது 40. கட்டிங் முழுக்க அவள்தான் என்பதால் லாபம் சரிபாதி. விலகுபவர் "தம் முதலை எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தோம். கடைசி நாளில் அவள் ஓவர்லாக்கின் மேல் கைவைத்து, "என் முதல் இதுதானே?" என்றாள். கடனெல்லாம் போக அன்று கடையில் தேறியது 80. அதில் மிஷின்கள் 22.

கத்தரிக்கோல்:
முதல் போட்ட விகிதத்தில் பிரிக்க வேண்டியதுதான். உங்களுக்கு 48, அவருக்கு 32.

பேரேடு:
முதல் விகிதம் பார்ப்பது சரி, ஆனால் முதலைத் திருப்பும்போது மட்டும். குறைந்துபோன 20 நஷ்டம். வேறுவிதமாக எழுதாவிட்டால் நஷ்டமும் லாபம் போலவே சரிபாதி. ஆளுக்கு 10 கழித்தால் உங்களுக்கு 50, அவருக்கு 30.

விலை போட்டு முதலாகச் சேர்த்த அன்றே மிஷின் கடையுடையதாகிவிட்டது. அவருக்கு உள்ளது 30க்கான உரிமை. மிஷின்களையே எடுத்தால் 22 போக 8 ரொக்கம். மிஷின் அவருடையதாகவே இருக்க வேண்டுமென்றால், கடைக்குப் பயன்படுத்த மட்டும் கொடுத்ததாக எழுதி, முதலாகச் சேர்க்காமல் விட்டிருக்க வேண்டும். அப்புறம், ஆண்டுதோறும் தேய்மானம் கழித்தீர்களா?

ஊசிமுனை:
இல்லை அண்ணா. வந்த லாபத்தை முழுசாக எடுத்துக்கொண்டோம்.

பேரேடு:
அந்த 20இல் 18 அங்கேதான் போயிருக்கிறது. 40க்கு எழுதிய மிஷின் 22 ஆனதை யாரும் கணக்கில் ஏற்றவில்லை.

காஜாபட்டன்:
என் கதை வேறு. நான் விலகி, பணமும் வாங்கிவிட்டேன். ஆறு மாதம் கழித்து நூலும் லைனிங்கும் கொடுக்கும் கடைக்காரர் என் வீட்டு வாசலில் நின்றார். நான் போன பிறகு வாங்கிய சரக்குக்கான பாக்கி! விலகியதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் தோழியும் உடனே எழுத்தில் சொல்லிவிடட்டும்.

பேரேடு:
ஆமாம். இருந்த காலத்துக் கடனுக்கோ, விலகியதைச் சொன்னாலும் பொறுப்பு போகாது. அதை மீதிக் கூட்டாளி ஏற்கிறார் என்று கடன் கொடுத்தவரும் சம்மதிக்க வேண்டும்.

ஊசிமுனை:
30ஐ ஆறு தவணையாகக் கொடுப்பதாகப் பேசி முடித்தோம். இன்னும் முடியாதது அளவு நோட்டு. வாடிக்கையாளர்களின் அளவெல்லாம் அவள் கையெழுத்தில் இருக்கிறது. கடையின் நற்பெயருக்கு விலை வைப்பதா, நோட்டைப் படியெடுத்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.