சாம்பல் அட்டை சரி, ஊதா மட்டும் நீலமாகிறது: உதவுங்கள்

கையால் பின்னிய ஊதா நிறப் பை ஒன்றை விற்பனைக்காக வீட்டில் படம் எடுக்கிறேன். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம், மேலே எல்இடி பல்பு. பைக்கு முன்னால் சாம்பல் அட்டையை வைத்து ரா கோப்பில் ஒரு படம், அதே வெளிச்சத்தில் அட்டை இல்லாமல் மற்றவை. பிறகு கணினியில் அட்டையைச் சொடுக்கி ஒயிட் பேலன்ஸ் எடுத்து எல்லாப் படங்களுக்கும் போட்டேன்.

முதலில் பையின் வலப்பக்கம் மஞ்சளடித்தது. அட்டையின் இட ஓரத்தைச் சொடுக்கினால் 5200K, வல ஓரத்தில் 4300K! இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒரே ஒயிட் பேலன்ஸ் எப்படிப் போதும்? பல்பை அணைத்ததும் அது தீர்ந்தது.

இப்போது அட்டையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்களும் ஏறக்குறைய சமம். பையின் வெள்ளைக் கைப்பிடியும் அச்சு அசல். ஆனால் ஊதா மட்டும் நீலமாகத் தெரிகிறது. அட்டை சாம்பலைத்தானே நேராக்கும், ஊதாவுக்கு அது பொறுப்பில்லை என்று புரிகிறது. திரையையும் சந்தேகப்பட்டேன், ஆனால் போனிலும் அதே நீலம்தான்.

கேமரா புரொஃபைலை மாற்றிப் பார்ப்பதா, நிறக் கட்டங்கள் உள்ள அட்டை வாங்கிப் புது புரொஃபைல் செய்வதா? ஊதாவின் சாயலை மட்டும் கையால் நகர்த்தியவர்கள் இருந்தால், அடுத்தடுத்த படங்களிலும் அது ஒத்துவந்ததா என்று சொல்லுங்கள்.