மீன்முள்ளா, மீனெலும்பா? காரணமா, காரணியா? ஒரு கலைச்சொல் விவாதம்

கையேட்டுத் தொகுப்பாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சிறு பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கான தரக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உற்பத்தி ஏன் குறைந்தது என்று கண்டறிவதற்குக் கவோரு இஷிகாவா வகுத்த படத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. வலப்பக்கம் தலையில் சிக்கலை எழுதி, அதிலிருந்து இடப்பக்கமாக ஒரு நீண்ட கோடு இழுத்து, அந்தக் கோட்டில் சாய்வாக ஆறு கிளைகளைச் சேர்த்து, ஒவ்வொரு கிளையிலும் ஐயத்துக்குரியவற்றை எழுதிக்கொண்டே போகும் படம் அது. இதற்கு ‘மீனெலும்பு வரைபடம்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், “மீனுக்கு ஏது எலும்பு? முள் அல்லவா?” என்று கேட்டுவிட்டார். ஆறு கிளைகளுக்கும் நல்ல பெயர்கள் வேண்டும். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

தமிழாசிரியர்:

நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. மீனை உண்ணும் எவரும் ‘எலும்பு தொண்டையில் சிக்கியது’ என்று சொல்வதில்லை. முள் சிக்கியது என்றே சொல்கிறோம். எனவே மீன்முள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உருவத்தை வைத்துப் பெயரிடுவதைவிடப் பொருளை வைத்துப் பெயரிடுவதே கலைச்சொல்லுக்குச் சிறப்பு என்பதால், ‘காரணகாரியப் படம்’ என்ற பெயரை முன்மொழிகிறேன். நம் தத்துவ நூல்களில் இதற்கான பாகுபாடு முன்பே இருக்கிறது. குடம் ஒன்று உருவாக மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உங்கள் படத்தில் வரும் மூலப்பொருள், எந்திரம், ஆள் என்ற மூன்று கிளைகளும் இவற்றோடு அப்படியே பொருந்துகின்றன. ஆங்கிலத்தில் ஆறு பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதுபோல நாமும் மோனை அமைத்து மாந்தர், மூலப்பொருள், முறை, மானி என்று தொடரலாம்.

பட்டறை மேற்பார்வையாளர்:

ஐயா, குடத்தின் எடுத்துக்காட்டு மிகவும் பிடித்திருந்தது. கையேட்டில் அது இடம்பெற வேண்டும். ஆனால் ஓரிடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. குயவனும் மண்ணும் குடத்துக்குக் காரணம் என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. இந்தப் படத்தின் கிளைகளில் எழுதப்படுபவையோ இன்னும் உறுதியாகாதவை. அவற்றுள் பெரும்பாலானவை பிறகு அடிபட்டுப் போகும். ஜப்பானிய மொழியில் இதன் பெயர் ‘தொக்குசெய் யோயின் ஸு’. அதில் ‘யோயின்’ என்பது காரணி என்ற பொருளையே தருகிறது; ‘தொக்குசெய்’ என்பது அளந்து பார்க்கக்கூடிய ஒரு பண்பு. அளக்கக்கூடிய ஒன்றைத் தலையில் வைத்து, அதைப் பாதிக்கக்கூடியவற்றை முட்களில் வைக்க வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. எனவே ‘காரணம்’ என்பதைவிடக் ‘காரணி’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

இந்த வேறுபாடு வெறும் சொல்லில் மட்டும் இல்லை என்பதற்கு நான் பார்த்த ஒரு பட்டறையைச் சொல்கிறேன். மூன்று லேத் எந்திரங்களில் வெண்கல புஷ், அதாவது நடுவில் துளையுள்ள சிறு உருளை, கடையும் இடம் அது. நாளொன்றுக்கு 240 நல்ல புஷ்கள் வந்துகொண்டிருந்த இடத்தில் 180 மட்டுமே வரத் தொடங்கின. முதலில் தலையில் ‘உற்பத்திக் குறைவு’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் முட்கள் நிரம்பிவிட்டன. எல்லோரும் தமக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னார்கள், எதுவும் புலப்படவில்லை. அதன் பிறகுதான் கணக்கேட்டைத் திறந்து பார்த்தோம். முன்பு 250 கடைந்து 10 கழிவாகின. இப்போது 228 கடைந்து 48 கழிவாகின்றன. அதாவது குறைந்துபோன 60இல் 38 கழிவால் போனவை, 22 கடையப்படாமலே போனவை. இவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள், எனவே இரண்டு வெவ்வேறு மீன்கள். ஒரே தலையில் இரண்டையும் திணித்ததால்தான் முட்கள் குழம்பின.

தையற்கூடம் நடத்துபவர்:

வணக்கம். நான் மொழி அறிஞர் அல்லள். பன்னிரண்டு தையல் எந்திரங்கள் உள்ள கூடம் ஒன்றை நடத்துகிறேன். எங்களுக்கும் தைத்து முடியும் உருப்படிகள் குறைந்தன. இந்தப் படத்தை வரைந்தோம், ‘ஆள்’ என்ற முள் மட்டும் நிரம்பியது. ‘கவனக்குறைவு’ என்று நான்கு பேர் எழுதினார்கள். மறுநாளே இரண்டு பேரை மாற்றினேன், ஆனால் எண்ணிக்கை ஏறவில்லை. ஆகவே உங்கள் பட்டறையிலும் கழிவு மிகுந்தது ஆட்களால்தான் என்றால் அவசரப்பட்டு யாரையும் மாற்றாதீர்கள்.

பட்டறை மேற்பார்வையாளர்:

அம்மா, நீங்கள் சொன்னதை நான் மனமார ஏற்கிறேன். எங்கள் படத்திலும் அந்த முள்தான் முதலில் பருத்தது. ‘கவனக்குறைவு’ என்பதைப் போய்ப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. ‘துளையை அளக்கும்போது புஷ் சூடாக இருக்கிறது’ என்பதைச் சரிபார்க்க முடியும். சரிபார்க்க இயலாத சொல் முள்ளில் இடம்பெறக் கூடாது என்று நாங்கள் பிறகு விதி வைத்துக்கொண்டோம்.

அந்தச் சூட்டின் கதையையே சொல்கிறேன், ஏனெனில் கிளைகளுக்குப் பெயர் வைக்கும் இடத்தில் அது உதவும். கழிக்கப்பட்ட புஷ்களில் பெரும்பாலானவை துளை பெரிதாகிவிட்டதாகக் கழிக்கப்பட்டவை. துளை 25.000 மி.மீ.க்கும் 25.021 மி.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும். துளையைச் சரிபார்க்கும் கேஜில், நல்ல துளைக்குள் நுழையக் கூடாத முனைக்கு நோகோ முனை என்று பெயர்; அது உள்ளே நுழைந்தால் துண்டு கழிவுப் பெட்டிக்குப் போகும். துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் தேய்ந்ததா, புஷ் கடையும் வெண்கலக் கம்பி மாறியதா என்றெல்லாம் முட்களில் எழுதினோம். பிறகு ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: எண்ணிக்கை விழுந்த அதே வாரத்தில் இதில் ஏதாவது மாறியதா? ரீமர் மாறவில்லை, கம்பியும் அதே இடத்திலிருந்து வந்தது. மாறியது ஒன்றே ஒன்று. முன்பு புஷ்கள் தட்டுகளில் சேர்ந்து, மாலையில் தனி மேசையில் ஒருவரால் அளக்கப்பட்டன. அவர் வேலையை விட்டுப் போனபின், கடைபவரே எந்திரத்தின் அருகில் உடனுக்குடன் அளக்கலானார்.

கடைந்து கழற்றிய புஷ், அறையைவிட 30 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருந்தது. வெண்கலம் ஒரு பாகைக்கு ஒரு மீட்டரில் ஏறத்தாழ 18 மைக்ரான் விரியும், 25 மி.மீ. துளையில் 30 பாகைக்கு அது 13 மைக்ரானுக்குச் சற்று மேல். அனுமதிக்கப்பட்ட இடைவெளியோ மொத்தமே 21 மைக்ரான். ஆறிய நிலையில் 25.012 இருக்கும் நல்ல துளை, சூட்டில் 25.025ஐத் தாண்டிவிடும், நோகோ முனையும் நுழைந்துவிடும். ஒரு நாளில் கழிந்த 48 புஷ்களையும் எடுத்து வைத்து மறுநாள் காலையில், கேஜும் புஷ்ஷும் ஒரே சூட்டில் இருக்கும்போது அளந்தோம். 35 தேறின. மீதி 13, பழைய 10க்கு அருகில் வந்து நின்றது. பல நாள்களாக நல்ல புஷ்களைக் கழிவு என்று எறிந்திருக்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர்:

மிகத் தெளிவான விளக்கம். இதிலிருந்து மற்ற 22க்கும் விடை கிடைத்துவிட்டது அல்லவா? கடைபவரே அளப்பதால் அவருடைய நேரம் போகிறது. அதனால்தான் 250 கடைய வேண்டிய இடத்தில் 228 கடைகிறார்கள். ஆகவே இரண்டு மீன்கள் தேவையில்லை, ஒரே காரணம்தான். அப்படியென்றால் ‘காரணம்’ என்ற சொல்லே போதுமானது. ‘காரணி’ என்றால் கணக்கில் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் என்ற பொருள் பள்ளியிலேயே பதிந்துவிட்டது.

பட்டறை மேற்பார்வையாளர்:

நாங்களும் முதலில் அப்படியே நினைத்தோம். ஆனால் கணக்கு இடம் தரவில்லை. ஒரு புஷ்ஷை அளக்க 10 நொடி. 228 புஷ்களுக்கு மொத்தம் 38 நிமிடம். மூன்று எந்திரங்கள் எட்டு மணி நேரம் ஓடி 250 புஷ்கள் தந்தபோது ஒன்றுக்கு எந்திர நேரம் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அளப்பதில் போன நேரம் ஏழு புஷ்களுக்குத்தான் ஈடாகும். மீதி 15க்கு விடை இன்னும் கிடைக்கவில்லை. கடைசல் வேகத்தைக் குறைத்தார்களா, கழிவைக் கண்டு அஞ்சி ஒவ்வொரு துளையையும் இருமுறை ரீமர் இழுத்தார்களா என்று அந்த முட்களில் இன்னும் வினாக்குறிதான் இருக்கிறது. படத்தில் வினாக்குறியோடு நிற்கும் ஒன்றைக் காரணம் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. கணக்குப் பாடத்தின் காரணியோடு குழம்பும் என்ற உங்கள் கவலை உண்மையானதுதான்; அதற்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை.

தமிழாசிரியர்:

என் முன்மொழிவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். ‘காரணகாரியம்’ என்றால் தொடர்பு நிலைபெற்றுவிட்டது என்று பொருள்படும். ஐயநிலையில் உள்ளதற்கு அது பொருந்தாது. ஆனால் ‘காரணி’ என்று வைத்தால், சரிபார்த்து உறுதியான பின் அதே முள்ளை என்னவென்று சொல்வது? அப்போதுதான் அது ‘காரணம்’ ஆகிறது என்று இரண்டு சொற்களையும் கையேடு வேறுபடுத்திப் பயன்படுத்தலாமே. மோனையையும் கைவிடுகிறேன், ‘மானி’ என்றால் கருவியை மட்டும் குறிக்கும், உங்கள் பட்டறையில் கருவியில் பிழையில்லை, அளந்த வேளையில்தான் பிழை. எனவே அந்தக் கிளைக்கு ‘அளவிடல்’ என்பதே சரி.

கையேட்டுத் தொகுப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. பொதுப்பெயராக ‘மீன்முள் படம்’ என்று எழுதுகிறேன். உருவத்தைச் சொல்லும் பெயரானாலும் பட்டறையில் அதுதான் வாயில் நிற்கும். ‘வரைபடம்’ என்றால் பலர் நிலப்படத்தை நினைப்பதால் ‘படம்’ என்றே வைத்தேன். நீளக் கோடு நடுமுள், ஆறும் பக்கமுட்கள், அவற்றில் கிளைப்பவை சிறுமுட்கள். பக்கமுட்களின் பெயர்கள் ஆள், எந்திரம், மூலப்பொருள், செய்முறை, அளவிடல், சூழல். ‘சூடாக அளத்தல்’ என்பதைச் செய்முறையில் வைப்பதா, அளவிடலில் வைப்பதா என்று தெரியவில்லை.

பட்டறை மேற்பார்வையாளர்:

இரண்டிலும் எழுதலாம், தவறில்லை. எங்கள் சுவரில் அது இரண்டு இடத்திலும் இருந்தது: அளவிடலில் ‘புஷ் ஆறவில்லை’ என்றும், செய்முறையில் ‘தனி மேசை எடுக்கப்பட்டது’ என்றும். இரண்டாவதைத் திருத்தினோம், முதலாவது தானாகவே மறைந்தது. ஒரு சிறு வேண்டுகோள்: எங்கள் இடத்தில் டயல் கேஜில் ஓடுவதையும் ‘முள்’ என்றே சொல்கிறோம். கையேட்டின் அந்த அத்தியாயத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால், ‘முள் நகர்ந்தது’ என்பதைப் படிப்பவர் எதை நினைப்பார்?

தையற்கூடம் நடத்துபவர்:

எங்கள் கூடத்தில் டயல் கேஜ் இல்லை, எனவே எனக்கு ‘பக்கமுள்’ குழப்பம் தரவில்லை. எண்ணிக்கை விழுந்த வாரத்தில் என்ன மாறியது என்ற கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை. அந்த வாரத்தில் நூல் மாற்றியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நாளை கணக்கேட்டில் தேதியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.