காஸ்டிங் தூக்கும் ரோபோ கை: நின்று கிளம்பும்போது மட்டும் உதறுகிறது

கணபதிப் பட்டறை

வணக்கம்ங்க. பம்ப் கேசிங் காஸ்டிங்கை ஃபெட்லிங் மேடையிலிருந்து எடுத்து ட்ரில்லிங் மெஷினில் வைக்க, மூன்று அச்சு கொண்ட ஒரு கையைப் பட்டறையிலேயே செய்து ஓட்டுகிறோம். காஸ்டிங் 2 கிலோவிலிருந்து 8 கிலோ வரை எந்த வரிசையிலும் வரும். எடைக்கு எடை டார்க் மாறுவதால், கை ஓடும்போதே பாரத்தைக் கணித்துக் கன்ட்ரோலரைத் திருத்தும்படி எழுதியிருக்கிறோம். தோள் ஜாயின்டுக்கு மூன்று தெரியாத எண்கள்: நிலைமம், உராய்வு, புவியீர்ப்பு டார்க். ரிகர்சிவ் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறை, மறதிக் காரணி 0.98, சுற்று 1 மில்லி செகண்ட்.

ஓட்டத்தில் அருமையாகப் போகிறது. பிரச்சனை நின்று கிளம்பும்போதுதான். ட்ரில்லிங் முடிய இரண்டு மூன்று செகண்ட் காத்திருந்துவிட்டு நகர்ந்தால் ஒரு வெட்டு வெட்டி உதறுகிறது. காத்திருப்பு நீள நீள உதறலும் கூடுகிறது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஓட்டினால் டிரைவ் ஃபால்ட் ஆகி, திரையில் மூன்று எண்களும் `NaN` என்று நிற்கின்றன.

இன்னொன்று. அதே 5 கிலோ காஸ்டிங், அதே இடம். கீழேயிருந்து தூக்கி நிறுத்தினால் 5.8 காட்டுகிறது, மேலேயிருந்து இறக்கி நிறுத்தினால் 4.2. எதை நம்புவது?

திருப்பூர் ரோலிங்

எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் மெஷினிலும் இதே கதைதாங்க. துணி சுற்றச் சுற்ற ரோல் பெருத்துக்கொண்டே போகும். ரோலின் நிலைமம் ஆரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், ஆரம் இரண்டு மடங்கானால் நிலைமம் பதினாறு மடங்கு. ஆரம்பத்தில் வைத்த கெயின் கடைசியில் செல்லாது. நாங்கள் எதையும் கணிப்பதில்லை. லைன் வேகத்தை ரோல் சுற்றும் வேகத்தால் வகுத்தால் ஆரம் கிடைத்துவிடும், அதை வைத்து டார்க்கையும் கெயினையும் நேராகப் போட்டுவிடுகிறோம். நீங்களும் அடியில் ஒரு லோட் செல் வைத்து எடை போட்டுவிட்டால் வேலை முடிந்ததே?

கணபதிப் பட்டறை

அண்ணா, உங்கள் ரோலில் மாறுவதை வெளியிலிருந்தே அளந்துவிடலாம். எங்களுக்கு மேடையில் குவியலாகக் கொட்டிக் கிடக்கும், எதைக் கை எடுக்கிறது என்பது எடுத்த பிறகுதான் தெரியும். மணிக்கட்டில் செல் வைக்க இடமும் இல்லை, ஃபெட்லிங் தூசியில் அது தாங்காது. அதனால்தான் மோட்டார் கரன்டை வைத்தே எடையைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம்.

ஈரோடு டிரைவ்ஸ்

இதற்குக் காரணம் தெரிந்ததுதான். கை நிற்கும்போது கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அசைவு போதுமான அளவு வளமாக இருந்தால்தான் மூன்று எண்களும் உண்மைக்கு வந்து சேரும். நிற்கும் நேரத்திலும் ஜாயின்டுக்கு ஒரு சின்ன சைன் அதிர்வு கொடுத்துக்கொண்டே இருங்கள், எண்கள் ஓடாது. கூடவே கற்றல் வேகத்தையும் கூட்டுங்கள், மறதிக் காரணி 0.95 வையுங்கள். தப்பாகப் போனாலும் சட்டென்று திரும்பிவிடும்.

சின்னியம்பாளையம் சர்வோ

ஈரோட்டு நண்பர் முதல் வாக்கியத்தில் சொன்னது முழுக்கச் சரி. மருந்து மட்டும் இந்தக் கைக்கு ஒத்துவராது. ட்ரில் ஓடும்போது காஸ்டிங்கைப் பிடித்திருக்கும் கையை அதிர வைத்தால் ஓட்டை ஓவலாகிவிடும்.

`NaN` வருகிறது என்று நீங்கள் எழுதியதுதான் நல்ல துப்பு. அதிலிருந்தே பிடித்துப் போகலாம். கை நிற்கும்போது என்கோடர் ஒரே எண்ணில் நிற்கும். வேகம் பூஜ்யம், முடுக்கம் பூஜ்யம். புதிதாகத் தகவல் வருவது புவியீர்ப்புப் பக்கம் மட்டும். நிலைமத்துக்கும் உராய்வுக்கும் எதுவும் வருவதில்லை. ஆனால் மறதிக் காரணி ஒவ்வொரு சுற்றிலும் `P` அணியை 0.98-ஆல் வகுத்துக்கொண்டே இருக்கிறது. பழையதை மறக்கிறது, புதிதாக எதுவும் வரவில்லை. அந்த இரண்டு திசைகளில் `P` ஏறத்தாழ 34 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை இரட்டிக்கும். நான்கு செகண்ட் நின்றால் நூறு தடவைக்கு மேல் இரட்டித்திருக்கும், அதாவது 10-இன் 35-ஆம் அடுக்கு. நீங்கள் `float`-இல் எழுதியிருந்தால் அதன் உச்சமே 10-இன் 38-ஆம் அடுக்குதான். சாப்பாட்டு இடைவேளைக்கு அது எப்படித் தாங்கும்?

உதறலும் இதனால்தான். `P` பெரிதாக இருப்பது என்றால், எஸ்டிமேட்டர் தனக்கு எதுவும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கை கிளம்பியதும் வரும் முதல் முடுக்க எண்ணை அப்படியே விழுங்கும். அந்த எண்ணோ என்கோடரை இரண்டு முறை வகையிட்டு எடுத்தது, பெரும்பகுதி இரைச்சல். அதை நம்பி நிலைமத்தைத் தூக்கிப் போடுகிறது, அந்த நிலைமத்தை வைத்து டார்க் போகிறது, கை வெட்டுகிறது. சரிபார்க்க வேண்டுமானால் `P`-யின் மூலைவிட்ட எண்களை லாக் அளவுகோலில் வரைந்து பாருங்கள். காத்திருக்கும்போது இரண்டு கோடுகள் நேராக ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம்.

0.95 வைத்தால் இதே நோய் இன்னும் வேகமாக வரும். கற்றல் வேகத்தைக் கூட்டுவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. உங்கள் கியர்பாக்ஸ் கொஞ்சம் வளையும், அந்த வளைவு நம் சமன்பாட்டில் கிடையாது. வேகமாகக் கற்கும் கன்ட்ரோலர் அந்த அதிர்வோடு மோத ஆரம்பித்துவிடும். அமெரிக்காவின் X-15 விமானத்தில் கெயினைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு கன்ட்ரோலர் இருந்தது. 1967 நவம்பர் 15 அன்று, விமானம் சுழலிலிருந்து மீண்ட பிறகு அது தன் கெயினைக் குறைக்க முடியாமல் ஒரே அலைவில் மாட்டிக்கொண்டது. விமானம் உடைந்து மைக்கேல் ஆடம்ஸ் இறந்துபோனார். நம் கைக்கு அருகிலும் ஆள் நிற்கிறார்.

கணபதிப் பட்டறை

வரைந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இரண்டு கோடுகள் நேராக மேலே போகின்றன, மூன்றாவது மட்டும் அடங்கி நிற்கிறது. மிக்க நன்றிங்க. ஆனால் அந்த 5.8, 4.2?

சின்னியம்பாளையம் சர்வோ

அது நிலை உராய்வு. உங்கள் கை நீளம் எவ்வளவு?

கணபதிப் பட்டறை

முழுக்க நீட்டிய நிலையில் தோளிலிருந்து கிரிப்பர் வரை 0.6 மீட்டர். கையின் சொந்த எடையைக் கழித்துத்தான் பார்க்கிறோம்.

சின்னியம்பாளையம் சர்வோ

அப்படியானால் 5 கிலோவுக்குக் கிடைமட்டத்தில் 5 × 9.81 × 0.6, அதாவது 29.4 நியூட்டன் மீட்டர். ஒரு கிலோ பிசகு என்றால் 5.9. நீங்கள் சொன்ன 0.8 கிலோ பிசகு 4.7 நியூட்டன் மீட்டருக்குச் சமம். ஜாயின்டில் உராய்வு அந்த அளவுதான் இருக்கும். தூக்கி நிறுத்தும்போது மோட்டார் எடையோடு உராய்வையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறது, இறக்கி நிறுத்தும்போது உராய்வு எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. நின்ற பிறகு வேகம் பூஜ்யம் என்பதால் சமன்பாட்டில் உராய்வு இல்லை, முழுப் பழியும் எடை மேல் விழுகிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 5 வருகிறது பாருங்கள். ஆகவே நிற்கும்போது காட்டும் எதையும் நம்ப வேண்டாம், நகரும்போது மட்டும் கற்கட்டும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். உங்கள் பாரம் மெல்ல மெல்ல மாறுவதில்லை, கிரிப்பர் மூடும்போதும் திறக்கும்போதும் மட்டுமே மாறுகிறது. மறதிக் காரணி மெல்ல மாறுவதற்காக உள்ளது. உங்களுக்கு மாறும் நொடி தெரியும், அந்த நொடியில் மட்டும் `P`-யைத் திரும்பப் பெரிதாக்கினால் போதும், மற்ற நேரம் மறக்கவே வேண்டாம்.

மூன்றாவது, காஸ்டிங்கின் நிலைமத்தையும் புவியீர்ப்பு டார்க்கையும் தனித்தனித் தெரியாத எண்களாக வைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே எடையிலிருந்துதான் வருகின்றன. கையின் நிலைமம், உராய்வு எல்லாவற்றையும் வெறுங்கையோடு ஓட்டி ஒரு முறை அளந்து `tau_arm`-இல் வைத்துக்கொண்டால், மிச்சம் ஒரே ஒரு எண்தான்.

```c
if (grip_changed) P = P0;
if (fabsf(qd) > 0.05f) {
    float phi = filt1(L*L*qdd + g*L*cosf(q));
    float y   = filt2(tau - tau_arm);
    float K   = P*phi / (1.0f + P*phi*phi);
    m += K*(y - phi*m);
    P -= K*phi*P;
    m  = fminf(fmaxf(m, 0.0f), 9.0f);
}
```

`filt1`, `filt2` இரண்டும் ஒரே கட்ஆஃப் கொண்ட ஒரே வகை ஃபில்டராக இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் வடிகட்டினால் தாமதம் மாறி, முடுக்கும்போது எடை தப்பாக வரும். முழங்கை மடிந்தால் `L` மாறும், கோணத்திலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் கணக்கிடுங்கள். கடைசி வரி காவல்: எண் எவ்வளவு கெட்டாலும் 9 கிலோவுக்கு மேல் டார்க் போகாது.

ஈரோடு டிரைவ்ஸ்

ஒப்புக்கொள்கிறேங்க, ட்ரில் ஓடும்போது அதிர்வு கூடாது. ஆனால் உராய்வை ஒரு முறை அளந்து வைத்தால் போதும் என்பதை ஏற்க முடியவில்லை. மார்கழிக் காலையில் கியர்பாக்ஸ் கிரீஸ் கெட்டியாக இருக்கும், மதியத்துக்குள் இளகிவிடும். உராய்வுக்கு மெல்லிய மறதி வேண்டும்.

சின்னியம்பாளையம் சர்வோ

சரியான பேச்சு. காஸ்டிங்கை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு பயணத்திலும் `m` பூஜ்யம் என்று தெரியும். அந்தப் பயணத்தில் மட்டும், மறதி மிகக் குறைவாக வைத்து, உராய்வைக் கற்றுக்கொள்ளலாம். பாரத்தோடு போகும்போது உராய்வைப் பூட்டிவிடுங்கள்.

பொள்ளாச்சி மாணவி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும் சார். எங்கள் புராஜெக்டில் ஸ்லோட்டினும் லீயும் 1987-இல் கொடுத்த அடாப்டிவ் முறையைச் சின்னக் கையில் போட்டிருக்கிறோம். கை சொன்ன பாதையில் பிசகாமல் போகிறது, ஆனால் எடை 1 கிலோவுக்குப் பதில் 1.3 என்று நிற்கிறது. கைடு கோட் தப்பு என்கிறார்.

சின்னியம்பாளையம் சர்வோ

கோட் தப்பாக இருக்க வேண்டியதில்லைம்மா. அந்த முறை உறுதி தருவது பாதைப் பிசகு பூஜ்யமாகும் என்பதற்கு மட்டுமே. எண்கள் உண்மைக்கு வர, பாதை போதுமான அளவு மாறி மாறி இருக்க வேண்டும். நீங்கள் ஒரே மெதுவான பாதையை ஓட்டினால், 1.3 கிலோவும் கொஞ்சம் குறைவான உராய்வும் சேர்ந்து அதே டார்க்கைத் தந்துவிடும். வேகத்தையும் திசையையும் மாற்றி ஓட்டிப் பாருங்கள், எண் நகர்ந்தால் காரணம் இதுதான். நகராவிட்டால் கைடு சொல்வதைக் கேட்டு மோட்டாரின் டார்க் மாறிலியைச் சரிபாருங்கள். அது 30 சதவீதம் தப்பென்றால் எடையும் அப்படியே தப்பாக வரும்.

கணபதிப் பட்டறை

போட்டு ஓட்டியாயிற்று. உதறல் போய்விட்டது, இடைவேளைக்குப் பிறகும் `NaN` இல்லை. தூக்க ஆரம்பித்துக் கை சற்று எழுவதற்குள் எடை நிலைக்கு வந்துவிடுகிறது. 2 கிலோ, 5 கிலோ இரண்டும் சரியாகக் காட்டுகின்றன. 8 கிலோ மட்டும் தூக்கும்போது 8.4 வருகிறது. ஃபில்டரை மாற்றினாலும் அதே 8.4.

சின்னியம்பாளையம் சர்வோ

0.4 கிலோ என்றால் கிடைமட்டத்தில் 2.4 நியூட்டன் மீட்டர். பாரம் ஏறும்போது கியர் பல்லில் அழுத்தம் கூடி உராய்வும் கூடும், வெறுங்கையில் அளந்த உராய்வில் அது வராது. இறக்கும்போது 7.6 காட்டினால் அதுதான். இரண்டு பக்கமும் 8.4 என்றால் உராய்வு இல்லை, காஸ்டிங்கின் ஈர்ப்பு மையம் கிரிப்பரைவிட 3 சென்டிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது. இறக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கணபதிப் பட்டறை

இறக்கும்போது 8.1 வருகிறது, இரண்டுக்கும் நடுவில்.

திருப்பூர் ரோலிங்

அப்படியென்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறதோ?